ஹோல்ட் அக்கா எழுதிய கோபக்காரர்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ஹோல்ட் அக்கா என்று பெயர். வீட்டுச் சாமான்கள் விற்கும் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு எங்களுடையது. நாள் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வாஷிங் மெஷின் ஏன் தண்ணீர் கக்குகிறது, மிக்ஸி ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறோம். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்கம்மா" என்று மற்றவர்கள் சொன்னால் எதிர்முனையில் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும். அக்கா சொன்னால் "மெதுவா பாருங்க, அவசரமில்லை" என்பார்கள். அது குரலின் மாயம்தான், வேறொன்றும் இல்லை. அந்தக் குரல்தான் போன வருடம் காலை வாரிவிட்டது.

முதலில் மாலையில் மட்டும் கம்மியது. பிறகு மதியமே கம்ம ஆரம்பித்தது. தொண்டை டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது, இனி நாள் முழுக்கப் பேசும் வேலை ஆகாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பேசுவதற்குத்தான் அக்காவுக்குச் சம்பளம். பேசாத அக்காவை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்?

பயிற்சிப் பிரிவு மேலாளர்தான் ஒரு வழி சொன்னார். எதைச் சொன்னாலும் மூன்று பாயின்ட்டாகச் சொல்பவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூணு பாயின்ட். காபி குடிக்கக் கூப்பிட்டால்கூட, போகலாமா வேண்டாமா என்பதற்கு மூன்று காரணம் வரும். அவர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஒண்ணு, புது பேட்ச் வருது. ரெண்டு, என் பிபிடியில இருக்கிற சூழ்நிலைகளை எல்லாம் ரோல் ப்ளே ஸ்கிரிப்டா மாத்தணும். மூணு, அது நல்லா வந்தா நீங்க இங்கயே இருக்கலாம்."

வராவிட்டால் என்ன என்பது நாலாவது பாயின்ட். அதை அவர் சொல்லவில்லை. அக்காவுக்கும் எனக்கும் சொல்லாமலே புரிந்தது.

நான் யார் என்று கேட்பீர்கள். நான் தரக்கண்காணிப்பு. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு மார்க் போடுவது என் வேலை. என்னைக் காது என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவ்வளவு மரியாதை.

மூணு பாயின்ட்டின் பிபிடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒவ்வொரு சூழ்நிலைக்கும் ஒரு ஸ்லைடு. வலது மூலையில் சிரிக்கும் பெண்ணின் படம். நாலாவது ஸ்லைடு இப்படி இருந்தது: "வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒடுக்குடன் வந்துள்ளது. பிரதிநிதி பரிவு காட்டுகிறார். விவரங்களைச் சரிபார்க்கிறார். மாற்றுப் பொருள் வழங்குகிறார். வாடிக்கையாளர் திருப்தி அடைகிறார்." எவ்வளவு சுலபம் பாருங்கள்! கோபமாக உள்ளே வந்த ஆள், கடைசி வரியில் சமர்த்தாகத் திருப்தி அடைந்துவிடுகிறார். நடுவில் அவருக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. அந்த நடுவைத்தான் அக்கா எழுத வேண்டும்.

அக்கா எழுதினாள். விழுந்து விழுந்து எழுதினாள். வணக்கத்திலிருந்து நன்றி வரை, பிரதிநிதி பேச வேண்டியது, வாடிக்கையாளர் பேச வேண்டியது, எல்லாம் வரி வரியாக. எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்பதுகூட அடைப்புக்குறிக்குள் இருந்தது. எனக்குப் படிக்கக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர்கள் மட்டும் கொஞ்சம் அதிகமாக நல்லவர்களாகத் தெரிந்தார்கள். ஒருவர், "உங்கள் சிரமமும் எனக்குப் புரிகிறது" என்றே சொல்லியிருந்தார். அத்தனை வருடம் ஒரே பக்கம் நின்று பேசியவளுக்கு எதிர்ப்பக்கத்துக்காரரும் நம் கம்பெனி ஊழியராகவே வந்து வாய்த்தார். அதை அவளிடம் சொன்னதற்கு, "கோபமா இருக்கார்னு மேலயே போட்டிருக்கேனே, அது போதாதா?" என்று அக்கா கோபித்துக்கொண்டாள்.

முதல் ஒத்திகை நடந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பை அடக்க முடியாது. பயிற்சி அறையில் புது பேட்ச் உட்கார்ந்திருந்தது. எல்லோர் கையிலும் ஒரே ஸ்கிரிப்ட். பிரதிநிதியாக நடிக்க எழுந்தவர் முன்பு செருப்புக்கடையில் வேலை பார்த்தவர். ஆள் பெரிய உருவம், குரல் பூனைக்குட்டி. இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு போட்டு உட்கார்ந்தார்கள், போனில் முகம் தெரியாதல்லவா. வாடிக்கையாளராக நடித்த பெண் "ஹலோ" என்றாள். அவ்வளவுதான்.

"வணக்கம். உங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒடுக்கு விழுந்ததற்கு மனமார வருந்துகிறோம்" என்றார் செருப்புக்கடைக்காரர்.

அந்தப் பெண் இன்னும் எதையுமே சொல்லவில்லை. அடுத்த வரியைப் பார்த்தாள். அது ஒடுக்கைப் பற்றிய புகார். இவர்தான் ஏற்கெனவே மன்னிப்பே கேட்டுவிட்டாரே! அடுத்ததைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், கடைசியில் மிச்சமிருந்தது ஒன்றுதான். "நன்றி" என்று சொல்லிவிட்டாள்.

அவர் விடவில்லை. "உங்கள் கோபம் நியாயமானது. காத்திருக்கவும்" என்றார். அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்துப் படித்துவிட்டார். அந்தப் பெண் "எவ்வளவு நேரம்?" என்று கேட்க, அறை மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் மன்னிப்பு.

அக்கா ஓடி ஓடிப் பார்த்தாள். "இப்ப இல்லை, அப்புறம்", "இதை அவங்க சொல்லணும்" என்று ஒவ்வொரு வரிக்கும் நடுவில் புகுந்து சொல்லிக்கொடுத்தாள். ஒத்திகை முடிவதற்குள் தொண்டை கட்டிக்கொண்டது. மூணு பாயின்ட் சிரிக்கவில்லை. கதவருகே நின்று, "ஒண்ணு, எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. ரெண்டு, அப்புறம் யார் யாரைக் கேக்கப்போறாங்க? மூணு, அடுத்த வாரம் இன்னொரு தடவை பாப்போம்" என்றார். அது நியாயமான பேச்சு, மறுக்க முடியாது. அக்கா கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள். வீட்டு ஆட்களை வைத்து நடித்துப் பார்த்துச் சரிசெய்வோம் என்றாள். நான் மார்க் போட வேண்டுமாம். லீவு நாளிலும் இந்தக் காதுக்கு ஓய்வில்லை.

வீட்டில் அத்தானும் நாத்தனாரும் இருந்தார்கள். அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருப்பவர். அவரைத்தான் முதலில் கோபக்கார வாடிக்கையாளராக உட்கார வைத்தோம்.

"என்ன கம்பெனி நடத்தறீங்க? ஃப்ரிட்ஜ் ஒடுக்கோட வந்திருக்கு!" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்றாள் அக்கா, அந்தக் குரலில். கம்மியிருந்தாலும் அது அந்தக் குரல்தான்.

"பரவாயில்லைம்மா. ஒடுக்குதானே, விடு" என்றார் அத்தான். கூடவே மேஜைக்கு அடியில் வலது காலை அழுத்தி பிரேக் போட்டார்.

"இவரை வச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகாது" என்று நாத்தனார் எழுந்து வந்தாள். அத்தானின் தங்கை. மாடியில் தனிக்குடித்தனம். தெருமுனையில் சலவைக்கடை வைத்திருக்கிறாள். சட்டையில் பித்தானைக் காணோம், பேண்டில் மடிப்பு கோணல் என்று வருகிறவர்களிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வதால் கோபத்தின் எல்லா வகையும் அவளுக்கு அத்துப்படி. "நகருண்ணா" என்று அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். ஸ்கிரிப்டை மடித்து விசிறிக்கொண்டாள், படிக்கவேயில்லை.

"ஹலோ. ஃப்ரிட்ஜ் வந்துச்சு. கதவுல ஒடுக்கு."

அக்கா வருத்தம் தெரிவித்தாள். ஆர்டர் எண் கேட்டுச் சரிபார்த்தாள். பழையதை எடுத்துப்போய்ப் பரிசோதித்துவிட்டு வேறு அனுப்புவோம் என்றாள். ஸ்லைடில் இருந்த எல்லாம் முடிந்தது. இனி வாடிக்கையாளர் திருப்தி அடைய வேண்டும்.

"வேண்டாம்" என்றாள் நாத்தனார்.

"புதுசே தர்றோம்மா."

"அதான் வேண்டாங்கறேனே."

"அப்போ விலையில கொஞ்சம் குறைச்சு..."

"அதுவும் வேண்டாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் மறுபடியும் பிரேக் போட்டார்.

"ஏய், நடிக்கறியா, என்னை ஒழிச்சுக்கட்டறியா? உனக்கு என்னதான் வேணும்?" என்று அக்கா பிரதிநிதி வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டதும் இருமல் வந்துவிட்டது. தண்ணீரை எடுத்துக் குடித்தாள், அடுத்த வார்த்தை பேச முடியவில்லை. யாரும் பேசவில்லை.

அந்த அமைதியில்தான் நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"எடுத்துட்டுப் போய்ப் பரிசோதிச்சு அனுப்பற வரைக்கும் பாலை எங்க வைக்கிறது அண்ணி? பழைய ஃப்ரிட்ஜை அன்னைக்கு காலையிலதானே கடைப் பொண்ணுக்குக் குடுத்து அனுப்பினேன்."

அக்காவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "எது? மாடியில இருக்கே, அதுவா?"

"அதேதான். உங்க கம்பெனி ஃப்ரிட்ஜ்தான். ஒடுக்கு கதவோட ஓரத்துல இருக்கு. அது தெரியக் கூடாதுன்னுதான் அந்தப் பக்கத்தைச் சுவரோட ஒட்டி வச்சிருக்கேன். கதவு பாதிதான் திறக்கும். காய்கறி டப்பாவை வெளிய எடுக்கணும்னா ஃப்ரிட்ஜையே நகர்த்தணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"உங்களுக்குத்தானே போன் பண்ணணும்? பண்ணினா நீங்க எடுத்து 'உங்கள் சிரமம் புரிகிறது'ன்னு சொல்வீங்க. அதுக்கு ஒடுக்கே பரவாயில்லைன்னு விட்டுட்டேன்."

அத்தான் சிரித்துவிட்டார். நானும்தான். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் கோபப்படவும் இல்லை. நாத்தனார் கொஞ்சம் இறங்கி வந்தாள். "கடை வச்சு நானா சம்பாதிச்சு வாங்கின முதல் பொருள் அண்ணி. முதல் ஒடுக்கை நான் போட வேண்டாமா? வண்டிக்காரனே போட்டுட்டா எனக்கு என்ன இருக்கு?"

வேறு ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு, ஒரே வண்டியில் புதியதை இறக்கிவிட்டுப் பழையதை ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு எங்கள் கம்பெனியில் உண்டு. கணினித் திரையின் ஓரத்தில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் 'உங்க வீட்டுல வேற ஃப்ரிட்ஜ் இருக்கா?' என்று கேட்டால்தான் அதை அழுத்த முடியும். கேட்பவர்கள் குறைவு. அக்கா இப்போதே பதிந்து தருகிறேன் என்றாள். நாத்தனார், "இனி எதுக்கு? மறுபக்கத்துல நானே ஒண்ணு போட்டுட்டேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா ஸ்கிரிப்டை எடுத்து நெடுக்காக இரண்டாகக் கிழித்தாள். கோபத்தில் இல்லை, யோசித்துத்தான். பிரதிநிதி பக்கம் ஒன்று, வாடிக்கையாளர் பக்கம் ஒன்று. "ஒருத்தர் அட்டையை இன்னொருத்தர் பாக்கக் கூடாது" என்று கம்மிய குரலில் சொன்னாள்.

பிரதிநிதியின் அட்டையில், நிஜத்தில் திரையில் தெரிவது மட்டுமே இருந்தது: ஆர்டர் எண், அனுப்பிய தேதி, என்னென்ன செய்ய அதிகாரம் உண்டு என்பது. சொல்லியே ஆக வேண்டிய வணக்கமும் சரிபார்ப்பும் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை. வாடிக்கையாளரின் அட்டையில் முதல் வசனம் முழுசாக இருந்தது. அதற்குப் பிறகெல்லாம் 'அவர் இப்படிச் சொன்னால் நீ இப்படிச் சொல்' என்ற கணக்கு. "மாற்றித் தருகிறோம் என்று எடுத்தவுடன் சொன்னால், 'வேண்டாம்' என்று சொல். காரணம் சொல்லாதே. வேறு ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டால் உடனே பதில் சொல்லாதே, மனதுக்குள் ஐந்து வரை எண்ணு. அதற்குள் அவர் பேசிவிட்டால் 'சரி விடுங்க' என்று போனை வைத்துவிடு. பேசாமல் இருந்தால் மட்டும், பழையதைக் கொடுத்துவிட்டதைச் சொல்." அடியில், "இவருக்கு உள்ளுக்குள் என்ன வருத்தம்" என்று ஒரு வரி. மூன்றாவது அட்டை, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு: கேட்டாரா? கேட்ட பிறகு வாயை மூடினாரா? தன்னால் முடிந்ததை மட்டும் வாக்குக் கொடுத்தாரா?

ஸ்லைடு ஸ்லைடாக எல்லா சூழ்நிலைகளையும் அப்படிப் பிரித்தாள். அந்த வாரம் முழுக்கத் தெரிந்தவர்களை எல்லாம் வரிசையாகப் பிடித்துக் கோபப்பட வைத்தாள். நாத்தனாரின் கடைக்கு வந்தவர்கள்கூடத் தப்பவில்லை.

இரண்டாவது ஒத்திகை அன்று காலை அக்காவின் குரல் சுத்தமாகப் போய்விட்டது. காற்று வந்தது, சத்தம் வரவில்லை. அட்டைகளைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள், சொல்லிக்கொடுக்க வழியே இல்லை. மூணு பாயின்ட் தானே வாடிக்கையாளராக நடிக்கிறேன் என்று அட்டையை வாங்கிக்கொண்டார். எதிரில், வேறு யார், மன்னிப்புதான்.

மன்னிப்பு முதல் தடவை மாற்றித் தருகிறோம் என்றார். "வேண்டாம்" என்று மூணு பாயின்ட் உற்சாகமாகச் சொன்னார். இரண்டாவது தடவை, வீட்டில் வேறு ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று தட்டுத்தடுமாறிக் கேட்டார், ஆனால் அமைதி தாங்காமல், "இல்லைன்னாலும் பரவாயில்லைங்க" என்று தானே பதிலும் சொன்னார். "சரி விடுங்க" என்று போனை வைத்துவிட்டு மூணு பாயின்ட் அறையைச் சுற்றிப் பெருமையாகப் பார்த்தார். போனை வைப்பதில் மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது தடவை அதே கேள்வியைக் கேட்டுவிட்டு மன்னிப்பு உதட்டைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்த்தது. அறையே எண்ணியது.

"பழசைக் குடுத்துட்டேங்க" என்றார் மூணு பாயின்ட், குரல் இறங்கிப்போய். பிறகு அட்டையில் வசனமாக இல்லாததையும் சொன்னார்: "காசு போட்டு வாங்கினது நானு. ஒடுக்கு போடறதுன்னா நான் போட்டுக்க மாட்டேனா?"

அறையில் கைதட்டல் எழுந்தது. அவர் சட்டென்று மேலாளராகிவிட்டார். "ஒண்ணு, நல்லா இருக்கு. ரெண்டு, நடிப்புல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். மூணு, நிஜ கால்ல எப்படிப் பேசறாங்கன்னு காது மார்க் போடட்டும். அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

ஆக, அக்காவின் வேலை என் தலையில் வந்து விடிந்தது.

புது பேட்ச் போனில் உட்கார்ந்த முதல் வாரம், மன்னிப்பு பேசிய பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி. வாஷிங் மெஷினை இறக்கிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தானாம், மாட்டித்தர ஆள் வரவில்லை. நன்றாகத் திட்டினார். மன்னிப்பு குறுக்கே பேசவில்லை. நாளைக்கு ஆள் வருவதாகத் திரையில் இருந்தது. அதைச் சொல்லி முடித்திருக்கலாம். அவர் கேட்டார்:

"மெஷின் இப்ப எங்கம்மா இருக்கு?"

பதில் இல்லை. மன்னிப்பும் பேசவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நொடிகள் மட்டும் திரையில் தெரிந்தன. எங்கள் மார்க் தாளில் அழைப்பின் நடுவே மௌனம் நீண்டால் மதிப்பெண் குறைக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டமே உண்டு, நான் எத்தனையோ பேருக்குக் கைகூசாமல் குறைத்திருக்கிறேன். இப்போது பதிவை நிறுத்தினேன். எழுந்து போய் என் ஹெட்செட்டை அக்காவின் தலையில் மாட்டி, முதலிலிருந்து ஓடவிட்டேன். நான் பக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டேன்.

மௌனம் வந்தது. அக்காவின் விரல்கள் மேஜைமேல் ஒவ்வொன்றாக மடங்கின.

"வாசல்லயே நிக்குதுங்க" என்றது அந்தக் குரல், திட்டிய குரல் இல்லை இப்போது. "வழியை அடைச்சுக்கிட்டு. எங்கம்மா சக்கர நாற்காலியில இருக்காங்க. மூணு நாளா வெளிய கூட்டிட்டுப் போக முடியலை."

"மாட்டறது நாளைக்குத்தாம்மா முடியும். அதை நகர்த்தி உள்ள வைக்க இன்னைக்கே ரெண்டு பேரை அனுப்பச் சொல்றேன். அனுப்பியாச்சான்னு நானே உங்களுக்குக் கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார் மன்னிப்பு. ஒரே ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை.

அக்கா அழுதாள். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? பிறகு ஹெட்செட்டைக் கழற்றாமலே, கரகரத்த குரலில், "நான் எழுதினதுலயே அந்த இடம்தான் நல்லா வந்திருக்கு, இல்ல?" என்றாள்.

"எந்த இடம்?"

"யாரும் பேசாத இடம்."

மார்க் தாளில் மௌனத்துக்கான கட்டத்தை நான் காலியாக விட்டேன். மூணு பாயின்ட் அதைக் கண்டுபிடிக்காமல் இருப்பாரா? எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஏன் குறைக்கவில்லை என்று கேட்டார். பதில் சொல்லாமல் பதிவை ஓடவிட்டேன். மௌனம் வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார், பிறகு அவராகவே கையை இறக்கிக்கொண்டார். கடைசிவரை கேட்டார்.

"ஒண்ணு," என்றார், "அக்கா இங்கயே இருக்கட்டும்."

இரண்டாவதும் மூன்றாவதும் வருமென்று நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். வரவில்லை.